டோட்டல் சரி, பங்கு தப்பு

சென்னை ஓ.எம்.ஆர். சாலையை ஒட்டிய அடுக்குமாடிகளில் மூன்று படுக்கையறை வீட்டை நான்கைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு எடுப்பது வெகு சாதாரணம். முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் ஷீட் ஒன்றைப் போட்டுவிடுவார். அறையின் அளவு, வாடகை, மெயின்டெனன்ஸ், ஈ.பி. பில், அட்வான்ஸ் எல்லாம் அதில் ஏறிவிடும். மாதம் பிறந்ததும் அவரவர் தன் பெயருக்கு நேரே உள்ள தொகையைப் பார்த்துப் பணம் அனுப்புவார்கள். அந்தத் தொகை எப்படி வந்தது என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. யாராவது சந்தேகப்பட்டாலும் ஷீட் போட்டவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: “மச்சி, டோட்டல் கரெக்டா வருதே!”

நான்கு பேரின் பங்கைக் கூட்டினால் ஹவுஸ் ஓனருக்குக் கொடுக்க வேண்டிய தொகை வருகிறது. அவ்வளவுதான் அந்தப் பதிலின் பொருள். ஒருவர் ஆயிரம் ரூபாய் கூடுதலாகவும் இன்னொருவர் ஆயிரம் ரூபாய் குறைவாகவும் கொடுத்தால்கூட டோட்டல் சரியாகவே வரும். அதனால் பங்கு சரியா என்று பார்க்க வேறு சோதனைகள் வேண்டும். ஒரு மாதிரி வீட்டை வைத்து அவற்றைப் பார்ப்போம்.

வீட்டின் உள்ளளவு 1,000 சதுர அடி. மாத வாடகை 36,000 ரூபாய். பெரிய அறை 180 சதுர அடி. அதில் மதுரைக்காரரும் தஞ்சாவூர்க்காரரும் சேர்ந்து தங்குகிறார்கள். நடு அறை 120 சதுர அடி. கோவைக்காரர் தனியாக இருக்கிறார். சின்ன அறை 100 சதுர அடி, அங்கே நெல்லைக்காரர். அறைகள் மூன்றும் சேர்ந்து 400 சதுர அடி. ஹால், சமையலறை, குளியலறைகள், பால்கனி என்று மீதி 600 சதுர அடி நால்வருக்கும் பொது.

அளவு என்றால் இன்ச் டேப்பால் சுவருக்குச் சுவர் அளந்த அளவு. பில்டர் விளம்பரத்திலும் வாடகை விளம்பரத்திலும் வரும் சதுர அடி பெரும்பாலும் சூப்பர் பில்ட்அப் கணக்கு. படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை ஆகியவற்றில் வீட்டுக்கு உரிய பங்கும் அதில் சேர்ந்திருக்கும். 1,300 என்று விளம்பரத்தில் போட்ட வீட்டுக்குள் டேப்பைப் பிடித்தால் 1,000 வருவது இயல்பு. ஷீட்டில் அறைகளுக்கு அளந்த அளவையும் வீட்டுக்கு விளம்பர அளவையும் போட்டால், யாரும் புழங்காத 300 சதுர அடி பொது இடத்தின் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டும் ஒரே டேப்பிலிருந்து வந்த எண்களாக இருக்க வேண்டும்.

இப்போது பங்கீடு. நியாயம் என்று நால்வரும் ஒப்புக்கொண்ட முறை இது: தூங்கும் அறைக்கான வாடகை அறையின் அளவைப் பொறுத்தது, பொது இடத்துக்கான வாடகை தலைக்குச் சமம். 36,000 ரூபாயை 1,000 சதுர அடியால் வகுத்தால் சதுர அடிக்கு 36 ரூபாய். பொது இடம் 600 சதுர அடிக்கு 21,600 ரூபாய், தலைக்கு 5,400. பெரிய அறைக்கு 6,480 ரூபாய். இருவர் இருப்பதால் ஆளுக்கு 3,240. நடு அறைக்கு 4,320. சின்ன அறைக்கு 3,600. ஆக மதுரைக்காரருக்கும் தஞ்சாவூர்க்காரருக்கும் தலா 8,640 ரூபாய், கோவைக்காரருக்கு 9,720, நெல்லைக்காரருக்கு 9,000. கூட்டினால் 36,000.

இதையே ஷீட்டில் ஏற்றும்போதுதான் தவறு நுழைகிறது. பணம் அனுப்புவது ஆட்கள் என்பதால் ஷீட்டில் வரிசைக்கு ஒரு ஆள். ஒவ்வொருவருக்கும் நேரே அவருடைய அறையின் அளவு. மதுரைக்காரருக்கு 180, தஞ்சாவூர்க்காரருக்கு 180, கோவைக்காரருக்கு 120, நெல்லைக்காரருக்கு 100. கீழே கூட்டல் 580. அறைகளுக்கான வாடகை 14,400 ரூபாயை இந்த 580-க்கு விகிதமாகப் பிரித்துவிடுகிறது ஷீட். பெரிய அறை இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டது என்பது பார்வைக்குப் படுவதில்லை. ஏனென்றால் விகிதங்களைக் கூட்டினால் 100 சதவீதம் வருகிறது, ரூபாயைக் கூட்டினால் 36,000 வருகிறது.

ஆனால் பங்குகள் முற்றிலும் மாறிவிட்டன. பெரிய அறையில் நெருக்கிக்கொண்டு படுக்கும் இருவரும் தலா 9,869 ரூபாய் கட்டுகிறார்கள். தனி அறை வைத்திருக்கும் கோவைக்காரர் 8,379 ரூபாயும் நெல்லைக்காரர் 7,883 ரூபாயும் கட்டுகிறார்கள். சரியான கணக்கோடு ஒப்பிட்டால் மதுரைக்காரரும் தஞ்சாவூர்க்காரரும் மாதம் 1,229 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். வாடகை ஒப்பந்தம் வழக்கமான 11 மாதம் என்றால் ஆளுக்கு 13,519 ரூபாய். யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. அளவை எழுதிய ஒரு பத்தியால் வந்த இழப்பு இது.

இதைக் கண்டுபிடிக்க முதல் வழி, அளவுப் பத்தியின் கூட்டலை வீட்டோடு ஒப்பிடுவது. மூன்று அறையையும் டேப்பால் அளந்தால் 400 வருகிறது. ஷீட்டில் 580 நிற்கிறது. இந்த ஒரு எண்ணே போதும். விகிதக் கணக்கில் கீழே நிற்கும் மொத்தம் எப்போதும் நேரில் அளந்து பார்க்கக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டாவது வழி இன்னும் கூர்மையானது. ஒவ்வொரு அறைக்கும் வந்த வாடகையை அந்த அறையின் சதுர அடியால் வகுத்துப் பார்க்க வேண்டும். அளவுப்படிதான் பிரித்திருக்கிறோம் என்றால் எல்லா அறைக்கும் ஒரே விலை வந்தாக வேண்டும். சரியான கணக்கில் மூன்று அறைக்கும் 36 ரூபாய் வருகிறது. தவறான ஷீட்டில் நடு அறைக்கும் சின்ன அறைக்கும் சதுர அடி 24 ரூபாய் 83 பைசா. பெரிய அறைக்கு 49 ரூபாய் 66 பைசா. சரியாக இரண்டு மடங்கு. எந்த அறை இரண்டு முறை எண்ணப்பட்டது என்பதை இந்த விலையே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

மூன்றாவது வழிக்கு வீட்டின் உண்மை அளவுகூடத் தேவையில்லை. ஷீட்டின் நகல் ஒன்றை எடுத்து, அதில் எல்லாருக்கும் அறையின் அளவை 100 என்று மாற்றிப் பார்க்கலாம். மூன்று அறையும் ஒரே அளவு என்று ஆகிவிட்டால், ஒரு அறையைப் பகிர்ந்துகொள்ளும் இருவருக்கும் தனியாக இருப்பவர்களைவிடக் குறைவாகத்தான் வர வேண்டும். அறைகளுக்கான 14,400 ரூபாயும் பொது இடத்துக்கான 21,600 ரூபாயும் மாறாமல் இருந்தால், பகிர்பவர்களுக்குத் தலா 7,800 ரூபாயும் தனியாக இருப்பவர்களுக்குத் தலா 10,200 ரூபாயும் வருவதுதான் சரி. தவறான ஷீட் நால்வருக்கும் 9,000 என்று காட்டும். அறையில் எத்தனை பேர் என்ற தகவலே அதன் கணக்கில் இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

திருத்துவது எளிது. B பத்தியில் அறையின் அளவு, C பத்தியில் அந்த அறையில் இருப்பவர்களின் எண்ணிக்கை, D பத்தியில் ஒருவருக்கு உரிய அளவு. H1-இல் சதுர அடி விலை, H2-இல் பொது இடத்துக்கான தலைப்பங்கு.

```
D2:  =B2/C2
E2:  =D2*$H$1+$H$2
D6:  =SUM(D2:D5)
```

இப்போது D பத்தியில் 90, 90, 120, 100 என்று வரும். D6-இல் 400 நிற்கும். டாலர் குறிகள் அவசியம். அவை இல்லாமல் சூத்திரத்தைக் கீழே இழுத்தால் இரண்டாவது ஆளுக்கு H2, H3 என்று வேறு கட்டங்களைத் தேடிப் போய்விடும். அடுத்து ஒருவர் வீட்டில் சேரும்போது கடைசி வரிசைக்குக் கீழே அவர் பெயரைச் சேர்ப்பார்கள். கூட்டல் பழையபடி D5-ஓடு நின்றுவிடலாம். ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் கூட்டல் கட்டத்தைத் தொட்டு அது எந்த வரிசை வரை போகிறது என்று பார்ப்பது இதற்காகத்தான்.

இத்தனைக்கும் நடுவில் நெல்லைக்காரரைக் கவனிக்க வேண்டும். பொது இடத்தைத் தனியாகப் பிரிக்காமல், முழு வாடகையையும் அறையின் அளவுக்கே விகிதமாக்குவதாக வைத்துக்கொள்வோம். சின்ன அறை 400-இல் 100; அதாவது கால் பங்கு, 9,000 ரூபாய். பொது இடத்தைத் தலைக்குச் சமமாக்கினாலும் அவருக்கு 9,000. வாடகையை நாலாக வெட்டினாலும் 9,000. தன் பங்கை மட்டும் சரிபார்க்கும் நெல்லைக்காரருக்கு எந்த முறையும் ஒன்றுதான். ஆனால் முழுவதும் அறை அளவுப்படி என்றால் கோவைக்காரருக்கு 10,800 வரும், பெரிய அறைக்காரர்களுக்குத் தலா 8,100 வரும். ஒருவர் தன் வரிசையைப் பார்த்து ‘ஓகே’ சொல்வதால் ஷீட் சரியாகிவிடாது. நால்வரின் வரிசையையும் ஒருவராவது பார்க்க வேண்டும்.

பெரிய அறையில் அட்டாச்டு பாத்ரூம் இருந்தால் அது யார் கணக்கு? 40 சதுர அடி பாத்ரூமை அந்த இருவர் மட்டுமே பயன்படுத்துகிறார்கள் என்றால், பொது இடம் 560 ஆகக் குறைந்து பெரிய அறை 220 ஆகும். சதுர அடி விலை அதே 36 ரூபாய்தான். மதுரைக்காரருக்கும் தஞ்சாவூர்க்காரருக்கும் தலா 360 ரூபாய் ஏறி 9,000 ஆகும். மற்ற இருவருக்கும் தலா 360 ரூபாய் குறையும். எதை வைத்துக்கொண்டாலும் சரிதான். ஆனால் ஹால் பாத்ரூமில் விருந்தாளி குளிக்கிறார் என்ற சண்டை வந்த பிறகு இதை முடிவு செய்வது கடினம்.

அளவால் அளக்க முடியாதவையும் உண்டு. மேற்குச் சுவர் வெயிலில் வேகும் அறை, சாலை இரைச்சல் கேட்கும் அறை, ஜன்னல் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் தெரியும் அறை. அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் பிரான்சிஸ் சூ 1999-இல் எழுதிய கட்டுரை இந்தச் சிக்கலைத்தான் எடுத்துக்கொண்டது. சில நியாயமான நிபந்தனைகளின் கீழ், ஒவ்வொருவரும் வேறு வேறு அறையை விரும்பித் தேர்ந்தெடுக்கும்படி வாடகையைப் பிரிக்க முடியும் என்று அவர் நிறுவினார். வீட்டில் செய்வதென்றால் அறை விலைகளை எழுதிவைத்து, “இந்த விலைக்கு யார் எந்த அறையை எடுத்துக்கொள்வீர்கள்?” என்று கேட்கலாம். இருவர் ஒரே அறையைக் கேட்டால் அதன் விலையைச் சற்று ஏற்றி, யாரும் கேட்காத அறைக்குக் குறைத்து, மறுபடியும் கேட்க வேண்டும். அப்படி வந்த விலையை ஷீட்டில் ஏற்றினால் சதுர அடி விலை அறைக்கு அறை மாறும். ஆகவே அந்த மாற்றம் பேசி வந்ததா, பிழையால் வந்ததா என்று ஷீட்டிலேயே ஒரு வரி எழுதி வைக்க வேண்டும்.

பில்களுக்கு வந்தால், ஒவ்வொரு பில்லும் எதனால் கூடுகிறது என்பதே கேள்வி. வைஃபை மாதக் கட்டணம் ஆள் கூடினாலும் கூடுவதில்லை, நாலாக வெட்டலாம். தண்ணீர் லாரிக்குக் கொடுப்பது ஆட்கள் வீட்டில் இருந்த நாளோடு கூடுவது. வாடகையின் விகிதத்தையே எல்லா பில்லுக்கும் இழுத்துவிடும் ஷீட்டில், பெரிய அறைக்காரர் வைஃபைக்கும் அறையின் அளவுப்படி பணம் கட்டிக்கொண்டிருப்பார்.

ஈ.பி. பில்தான் இவற்றில் சிக்கலானது. தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. முதல் 100 யூனிட் இலவசம்; அதற்கு மேல் யூனிட் ஏற ஏற விலையும் ஏறும்; 500 யூனிட்டைத் தாண்டினால் குறைந்த படிகளில் கிடைத்த சலுகையும் குறையும். நடு அறையில் மட்டும் ஏ.சி. இருப்பதாகவும், அதற்குத் தனியாக ஒரு சப் மீட்டர் போட்டிருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் மொத்தம் 700 யூனிட். பில் ஏறத்தாழ 3,900 ரூபாய். சப் மீட்டரில் 280 யூனிட்.

வழக்கமான ஷீட் இப்படிப் பிரிக்கும்: 700-இல் 280 என்பது 40 சதவீதம், ஆகவே ஏ.சி.க்கு 1,560 ரூபாய். மீதி 2,340 ரூபாய் தலைக்கு 585. கோவைக்காரருக்கு 2,145 ரூபாய், மற்றவர்களுக்குத் தலா 585. டோட்டல் 3,900. எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது.

ஏ.சி. ஓடாமலே இருந்தால் வீட்டுக்கு 420 யூனிட்தான் ஆகியிருக்கும். அது 500-க்குள் அடங்குவதால் சலுகை நிற்கும். பில் ஏறத்தாழ 1,300 ரூபாயில் முடிந்திருக்கும். அதாவது ஏ.சி.யால் உண்மையில் கூடிய தொகை 1,560 அல்ல, 2,600 ரூபாய். வீட்டை விலை கூடிய படிக்கு ஏற்றியது ஏ.சி.; ஏறிய விலையில் ஒரு பகுதி மற்ற மூவரின் தலையில் விழுகிறது. ஏ.சி. கூட்டிய தொகையை ஏ.சி. வைத்திருப்பவரே ஏற்றுக்கொண்டால் கோவைக்காரருக்கு 2,925 ரூபாய், மற்றவர்களுக்குத் தலா 325.

கோவைக்காரருக்கும் ஒரு வாதம் உண்டு. இலவச 100 யூனிட்டும் மலிவான படிகளும் வீட்டுக்கே பொதுவானவை. அவற்றை மற்றவர்கள் முதலில் தின்றுவிட்டு, விலை கூடிய படி மட்டும் தனக்கு என்பது எந்த ஊர் நியாயம் என்று அவர் கேட்கலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு தொகையில் ஒப்புக்கொள்ளும் வீடுகளும் இருக்கலாம். சரிபார்ப்பவரின் வேலை ஒன்றுதான்: ஏ.சி. இல்லாத பில் எவ்வளவு வந்திருக்கும் என்பதை ஒரு முறை கணக்கிட்டு, அந்த எண்ணை நால்வரின் கண்ணிலும் படும்படி வைப்பது. மின் வாரியத்தின் இணையதளத்தில் உள்ள கட்டணக் கணிப்பானில் 420 என்று போட்டால் வந்துவிடும். அதைப் பார்த்த பிறகு எந்த முறையை வைத்துக்கொண்டாலும் அது தெரிந்து செய்த ஏற்பாடாக இருக்கும்.

கடைசியாக அட்வான்ஸ். இதில் பலரும் செய்யும் முதல் தவறு, அட்வான்ஸை முதல் மாதச் செலவோடு சேர்த்துவிடுவது. வாடகை கொடுத்தால் போனதுதான்; அட்வான்ஸ் திரும்பி வர வேண்டிய பணம். ஷீட்டில் அதற்குத் தனிப் பக்கம் வேண்டும்: யார், எந்தத் தேதியில், எவ்வளவு கொடுத்தார் என்று.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. நம் மாதிரி வீட்டில் அது 1,08,000 ரூபாய். நாலாக வெட்டினால் தலைக்கு 27,000. வாடகைப் பங்கின் விகிதப்படி பிரித்தால் மதுரைக்காரருக்கும் தஞ்சாவூர்க்காரருக்கும் தலா 25,920, கோவைக்காரருக்கு 29,160, நெல்லைக்காரருக்கு 27,000. எப்படிப் பிரித்தாலும் பரவாயில்லை, திரும்ப வரும்போதும் அதே விகிதம் இருந்தால். போட்டபோது சமமாகப் போட்டுவிட்டு, வாங்கும்போது வாடகை விகிதத்தில் பிரித்தால் கோவைக்காரருக்கு உழைக்காமலே 2,160 ரூபாய் கிடைக்கும். பெரிய அறைக்காரர்கள் தலா 1,080 ரூபாயை இழப்பார்கள்.

ஆள் மாறும்போது இது இன்னும் நுணுக்கமாகிறது. ஐந்தாம் மாதத்தின் முடிவில் நெல்லைக்காரர் வேலை மாறிக் கிளம்புகிறார். சேலத்திலிருந்து வந்தவர் அவருக்கு 27,000 ரூபாய் கொடுத்துவிட்டு அறைக்குள் நுழைகிறார். ஹவுஸ் ஓனரிடம் உள்ள பணம் அப்படியே இருக்கிறது. பெயர் மட்டும் மாறுகிறது. பதினொன்றாம் மாதம் வீட்டைக் காலி செய்யும்போது ஹவுஸ் ஓனர் பெயின்டிங்குக்கும் ரிப்பேருக்கும் என்று 22,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 86,000 தருகிறார். சின்ன அறையின் பங்கு கால் பாகம்; 5,500 ரூபாய் பிடித்தம். ஷீட் அதை முழுவதும் சேலத்துக்காரர் பெயரில் எழுதி 21,500 ரூபாயைத் தருகிறது.

ஆனால் சுவர் 11 மாதமாக அழுக்கானது. அதில் சேலத்துக்காரர் இருந்தது ஆறு மாதம்தான். மாதக் கணக்குப்படி அவருக்கு 3,000 ரூபாயும் நெல்லைக்காரருக்கு 2,500 ரூபாயும் வர வேண்டும். நெல்லைக்காரரோ முழு அட்வான்ஸையும் வாங்கிக்கொண்டு ஆறு மாதத்துக்கு முன்பே போய்விட்டார். பிடித்தம் எவ்வளவு என்று அவர் கிளம்பிய நாளில் யாருக்கும் தெரியாது.

இதற்கு இரண்டு வழிகள். கிளம்புகிறவரின் அட்வான்ஸில் ஒரு சிறு தொகையைப் புதியவர் நிறுத்திவைத்து, வீடு காலியாகும்போது கணக்குத் தீர்க்கலாம். அது வேண்டாம் என்றால், ஆள் மாறும் அன்றே சுவர், கதவு, குழாய், ஸ்விட்ச் போர்டு எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்து போட்டோ எடுத்துப் பார்த்து, அதுவரையிலான தேய்மானத்துக்கு ஒரு தொகை பேசி முடித்துவிடலாம். ஒரு அறையில் மட்டும் நடந்த சேதம், அதாவது உடைந்த அலமாரிக் கதவு, ஏ.சி. தண்ணீர் ஒழுகிக் கெட்டுப்போன சுவர் போன்றவை, விகிதத்துக்குள் வராமல் அந்த அறைக்காரரின் கணக்கிலேயே போக வேண்டும். அதனால் 22,000 என்ற ஒற்றை எண்ணோடு நிற்காமல், எதற்கு எவ்வளவு என்று ஹவுஸ் ஓனரிடம் பிரித்து எழுதி வாங்குவது முக்கியம்.

அட்வான்ஸ் பக்கத்தைச் சரிபார்க்க மூன்று எண்கள் போதும். இப்போது வீட்டில் இருப்பவர்கள் பெயரில் உள்ள தொகைகளின் கூட்டல், ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதியிருக்கும் 1,08,000-க்குச் சமமாக இருக்க வேண்டும். கிளம்பியவரின் பெயருக்கு நேரே சுழியம் நிற்க வேண்டும். அவர் புதியவரிடம் வாங்கிய தேதியும் தொகையும் பக்கத்தில் இருக்க வேண்டும். திரும்ப வந்த 86,000-ஐயும் பிடித்தம் 22,000-ஐயும் கூட்டினால் மறுபடியும் 1,08,000 வர வேண்டும். இவை பொருந்திய பிறகு, பிடித்தத்தின் ஒவ்வொரு வரிக்கும் நேரே அது எந்த அறையில், எந்த மாதங்களில், யார் இருந்தபோது வந்தது என்று எழுதினால், சேலத்துக்காரருக்கு வர வேண்டிய 2,500 ரூபாயை நெல்லைக்காரரிடம் கேட்டு வாங்க ஆதாரம் கையில் இருக்கும்.